நிரம்பிய தீவு

ஹஷிவோகாகேரோ என்ற ஜப்பானியப் பெயருக்கு 'பாலம் கட்டு' என்று பொருள். 1990 வாக்கில் நிகோலி என்ற புதிர் இதழின் வழியே பரவிய இந்தப் புதிரின் விதிகள் எளியவை. கட்டத்தில் ஆங்காங்கே எண் எழுதிய தீவுகள் இருக்கும். ஒரு தீவிலிருந்து எத்தனை பாலங்கள் புறப்படுகின்றன என்பதையே அந்த எண் சொல்கிறது. பாலங்கள் நேர்க்கோட்டில், கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டுமே போகும், ஒன்றையொன்று வெட்டக்கூடாது, இரண்டு தீவுகளுக்கு இடையே இரண்டுக்கு மேல் கூடாது, முடிவில் எந்தத் தீவிலிருந்தும் எந்தத் தீவுக்கும் போக வழி இருக்க வேண்டும். இதைப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவது ஒரு வாய்பாடு: மூலையில் 4, ஓரத்தில் 6, நடுவில் 8 இருந்தால் எல்லாத் திசைகளிலும் இரட்டைப் பாலம் போடு. வாய்பாடு சரிதான். ஆனால் அதை அப்படியே மனப்பாடம் செய்தால் அதற்கு அடியில் இருக்கும் கணக்கு மறைந்துபோகிறது என்பது என் எண்ணம். இந்தக் கணக்கைப் புதிரின் தொடக்கத்தில் ஒருமுறை போட்டுவிட்டு விடக்கூடாது. ஒவ்வொரு பாலத்துக்குப் பிறகும் திரும்பப் போட வேண்டும்.

தீவின் எண்ணை அதன் தேவை என்று கொள்வோம். அது அதிகபட்சம் எத்தனை பாலங்களைத் தாங்கும் என்பது அதன் கொள்ளளவு. நேர்க்கோட்டில் கண்ணில் படும் ஒவ்வோர் அண்டைத் தீவுக்கும் இரண்டு என்று கூட்டினால் கொள்ளளவு கிடைக்கும். தேவையும் கொள்ளளவும் சமமானால் அந்தத் தீவு நிரம்பியது. எந்தத் திசையிலும் ஒரு பாலத்தைக்கூடக் குறைக்க முடியாது, எல்லாவற்றையும் உடனே போட்டுவிடலாம். மூலை, ஓரம், நடு என்பதற்கு இங்கே வேலையே இல்லை. கட்டத்தின் நட்டநடுவில் இருக்கும் 4-க்கு இரண்டே அண்டைத் தீவுகள் இருந்தால் அதுவும் நிரம்பியதுதான். அண்டைத் தீவின் எண்ணையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பது 1 என்றால் அந்தத் திசையில் இரண்டு பாலம் போகாது, ஒன்றுதான் போகும். ஆகவே ஒரு பக்கம் 1-ஐயும் மறுபக்கம் பெரிய எண்ணையும் கொண்ட 3-இன் கொள்ளளவு நான்கு அல்ல, மூன்று. வாய்பாட்டை மட்டும் நம்புகிறவர் இந்த 3-ஐக் கடந்து போய்விடுவார்.

எல்லாப் புதிரிலும் நிரம்பிய தீவு கிடைத்துவிடுமா, கிடைக்காவிட்டால் இந்தக் கணக்கால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே, தொடக்கத்தில் ஒரு தீவுகூட நிரம்பியிராத ஒரு சிறு புதிரை எடுத்துக்கொள்வோம். புள்ளிகள் கடல்.

```
3 . 4 . 3
. . . . .
5 . . . 4
. . . . .
3 . 2 . 2
```

மூலைகளில் உள்ள நான்கின் கொள்ளளவும் நான்கு. ஆனால் அவற்றின் எண்கள் 3, 3, 3, 2. மற்றவை ஒவ்வொன்றுக்கும் மூன்று அண்டைத் தீவுகள், கொள்ளளவு ஆறு. மிக நெருங்கி நிற்பது இடது ஓரத்து 5. ஆறுக்கு ஒன்றுதான் குறைவு. அதன் ஒரு திசையை முழுக்க அடைத்துப் பாருங்கள். மிச்சம் இரண்டு திசைகளில் நான்கு பாலங்களுக்கு மேல் போகாது, ஐந்து நிறையாது. ஆகவே மூன்று திசைகளிலும் குறைந்தது ஒவ்வொரு பாலம் உறுதி. வலது ஓரத்து 4-ஐ நோக்கி இப்படிப் போகும் பாலம் நடுக்கடலை முழுக்கக் குறுக்காகக் கடக்கிறது. அதனால் மேல் வரிசை நடுவில் உள்ள 4-க்கும் கீழ் வரிசை நடுவில் உள்ள 2-க்கும் இடையே இருந்த செங்குத்து வழி அறுந்துவிடுகிறது. மேல் 4-இன் எண் மாறவில்லை, ஆனால் கொள்ளளவு ஆறிலிருந்து நான்காகிவிட்டது. இப்போது அது நிரம்பிய தீவு; இருபுறமும் இரட்டைப் பாலம்.

இங்கிருந்து புதிர் தானாக அவிழ்கிறது. இடது மேல் மூலையின் 3 இரண்டு பாலங்களைப் பெற்றுவிட்டது, மீதி ஒன்று. அது ஏற்கெனவே 5-க்குப் போன பாலமே. ஆகவே 5-க்கு மேல்நோக்கி ஒன்றுதான் உண்டு. எஞ்சிய நான்கும் மற்ற இரண்டு திசைகளில் போயாக வேண்டும், அங்கே இடமும் சரியாக நான்கு. 5 நிரம்பியது: வலப்புறம் இரட்டை, கீழே இரட்டை. வலது மேல் மூலையின் 3 மேல் வரிசையிலிருந்து இரண்டைப் பெற்றது, கீழே ஒன்று. இடது கீழ் மூலையின் 3-க்கு 5-இலிருந்து இரண்டு வந்தன, வலப்புறம் ஒன்று. கீழ் வரிசையின் நடு 2 அந்த ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபுறம் ஒன்றை அனுப்புகிறது. வலது ஓரத்து 4-க்கு இடமிருந்து இரண்டு, மேலிருந்து ஒன்று வந்தாயிற்று. நான்காவது கீழே போகிறது, வலது கீழ் மூலையின் 2 நிறைகிறது. மொத்தம் பதின்மூன்று பாலங்கள். எங்கும் ஊகம் இல்லை. முதல் படிக்குப் பிறகு எல்லாமே நிரம்பிய தீவின் கணக்குதான். அந்த முதல் படியும் அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டதுதான்.

ஒவ்வொரு பாலத்துக்கும் எல்லாத் தீவுகளையும் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை. புதுப் பாலத்தால் நிலை மாறுவது அதன் இரு முனைத் தீவுகளுக்கும், அது குறுக்கே வெட்டிய வழிகளின் முனைத் தீவுகளுக்கும்தான். முனைத் தீவு ஒன்று முழுதாக நிறைந்துவிட்டாலோ அதன் மீதித் தேவை ஒன்றாகிவிட்டாலோ அதன் மற்ற அண்டைத் தீவுகளையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவற்றுக்கும் ஒரு வழி மூடிவிட்டது அல்லது குறுகிவிட்டது. பெரும்பாலான தவறுகள் இந்த வெட்டுப்பட்ட முனைகளை மறப்பதில்தான் பிறக்கின்றன. பாலம் கண்ணுக்குத் தெரிகிறது, அது அடைத்த வழி தெரிவதில்லை. தவறு நேர்ந்ததையும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும். ஒரு தீவின் மீதித் தேவை மீதிக் கொள்ளளவை விட அதிகமாகிவிட்டால், முன்னே போட்ட ஏதோ ஒரு பாலம் பிழை. அப்போது அந்தத் தீவை அடைத்து நிற்கும் பாலங்களிலிருந்து பின்னோக்கித் தேடினால் போதும்.

வலுவான மறுப்பு வேறொன்று. எல்லாத் தீவுகளும் இணைய வேண்டும் என்ற விதி எண்ணிக்கைக்குள் அடங்காது என்பது. பாதி அடங்கும். இரண்டு 1-கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் உலகத்தோடு தொடர்பு அற்றுவிடும். ஆகவே அவற்றுக்கு இடையிலான கொள்ளளவு பூச்சியம். இரண்டு 2-களுக்கு இடையே இரட்டைப் பாலம் போட்டாலும் அதே கதி. அங்கே கொள்ளளவு ஒன்று. இப்படித் திருத்தினால், இரு 2-களை மட்டுமே அண்டையாகக் கொண்ட 2 நிரம்பியதாகிவிடும், இருபுறமும் ஒவ்வொன்று. ஆனால் ஒரு 2-க்கு அண்டையில் இரண்டு 1-களும் ஒரு பெரிய எண்ணும் இருந்தால் கொள்ளளவு நான்கு, தேவை இரண்டு. எண்ணிக்கை வாய் திறக்காது. ஆனாலும் இரண்டு 1-களோடு மட்டும் சேர்ந்தால் மூன்றும் தனித்துவிடும் என்பதால் பெரிய எண்ணுக்கு ஒரு பாலமாவது போயாக வேண்டும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக இப்படி முன்கூட்டிப் பார்ப்பது கடினமாகும். இந்தப் புதிர் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது என்று டேனியல் ஆண்டர்சன் 2009இல் நிறுவினார். எல்லாப் புதிரையும் விரைவாக முடிக்கும் ஒரே வழி இதுவரை எவரிடமும் இல்லை. ஆகவே நிரம்பிய தீவு எல்லாப் புதிரையும் முடித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு பேசும்வரை அதைக் கேட்டு முடித்தபின் எஞ்சும் இடத்தில்தான் இணைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்குள் பார்க்க வேண்டிய கடலும் சுருங்கியிருக்கும்.