கன் வரைவது எப்படி?

எங்கள் ஊர் நெடுஞ்சாலை உணவகத்தில் மின்வாகன சார்ஜிங் நிலையம் வருகிறது. பலகைக்கு அந்தி நேரக் காட்சி வரைகிறேன். சார்ஜர் கன் மட்டும் பெட்ரோல் பங்க் குழாய் போலவே வருகிறதே? – ஓவியர் ஒருவர், கிருஷ்ணகிரி

மூக்கை நீட்டாதீர்கள், சரியாகிவிடும். கார்களுக்கான சிசிஎஸ்-2 கன்னின் முகம் தட்டையானது. மேலே, உச்சி சீவிய வட்டம். அதன் கீழே அருகருகே இரண்டு பெரிய துளைகள். வேக சார்ஜில் மின்சாரம் பாய்வது அந்த இரண்டின் வழியேதான். கேபிள் தடிமனாகத் தொங்கட்டும்.

சூரியன் மறைந்து கால்மணி நேரத்தில் வானம் இன்னும் நீலமாக இருக்கும், விளக்கும் ஒளிரும். அப்போது நிலையத்தைப் படமெடுத்து நிறம் பாருங்கள். சிவப்பு விளக்கு வேண்டாம். பல இயந்திரங்களில் அது பழுதின் அடையாளம், ஓட்டுநர் நிற்காமல் போய்விடுவார். நிலையத்தைக் கீழ் ஓரத்தில் வைத்து, மேல்வானத்தை எழுத்துக்கு விடுங்கள். நீல வானில் வெள்ளை எழுத்து தூரத்திலேயே தெரியும்.