5,000 பெரிதா, 105 பெரிதா?

கேள்வி: டி-வேவ் கணினியில் 5,000 க்யூபிட்டுகளுக்கு மேல் இருக்கின்றன, கூகுளின் வில்லோவில் 105தான் என்று படித்தேன். அப்படியானால் டி-வேவ்தானே பெரியது? வங்கிகளின் ரகசியக் குறியீட்டை அது உடைத்துவிடுமா?

பதில்: உடைக்காது. இரண்டும் வெவ்வேறு வேலைக்கான கருவிகள். க்யூபிட்டுகளை எண்ணி ஒப்பிடுவதில் பொருளில்லை.

டி-வேவ் செய்வது அனீலிங். அதற்கு நிரல் எழுத முடியாது. எண்களைத்தான் கொடுக்க முடியும். ஒவ்வொரு க்யூபிட்டும் 0, 1 இரண்டில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு ஓர் எண். எந்த இரண்டு ஒத்துப்போக வேண்டும், எவை முரண்பட வேண்டும் என்பதற்கு இன்னோர் எண். எல்லாத் தேர்வுகளும் கலந்திருக்கும் நிலையில் தொடங்கி, சில பத்து மைக்ரோ விநாடிகளில், இந்த எண்கள் தரும் மொத்தச் செலவு குறைந்த நிலையை நோக்கி இயந்திரம் இறங்குகிறது. இதையே ஆயிரக்கணக்கான முறை செய்து, கிடைத்தவற்றில் சிறந்ததை எடுத்துக்கொள்வார்கள்.

2017-ல் ஃபோக்ஸ்வாகன் ஆய்வாளர்கள் பெய்ஜிங் டாக்சிகளின் தரவை வைத்து இதைச் சோதித்தார்கள். 418 டாக்சிகள், ஒவ்வொன்றுக்கும் 3 வழிகள். ஆக 1,254 ஆம்-இல்லை தேர்வுகள். ஒரு சாலையில் எத்தனை வண்டிகள் சேர்கின்றனவோ அதன் வர்க்கம்தான் நெரிசலுக்கான செலவு. ஒரு வண்டிக்கு ஒரே வழி என்ற விதியையும் செலவாகவே எழுத வேண்டும்:

```
P(x1 + x2 + x3 − 1)²
```

ஒரே வழி தேர்வானால் இது 0. ஒன்றுமே தேர்வாகாவிட்டாலும் இரண்டு தேர்வானாலும் P. இந்த P சிறிதாக இருந்தால், ஒரு டாக்சி இரண்டு வழிகளில் ஓடுவதாக விடை வரும். மிகப் பெரிதாக இருந்தால் நெரிசல் கணக்கு அதில் அமுங்கிப்போகும், ஏனென்றால் இயந்திரத்தின் துல்லியத்துக்கு எல்லை உண்டு. விடைகளில் எத்தனை விதியை மீறுகின்றன என்று எண்ணிப் பார்த்துத்தான் P-ஐச் சரிசெய்வார்கள்.

இன்னொரு தடையும் உண்டு. 2020-ல் வந்த அட்வான்டேஜ் மாடலில் ஒரு க்யூபிட் நேரடியாகப் பேசுவது 15 அண்டைகளுடன் மட்டுமே. அதற்கு மேல் இணைப்பு வேண்டுமானால் பல க்யூபிட்டுகளைச் சங்கிலியாக்கி ஒரே மாறியாக நடத்த வேண்டும். ஒரு சங்கிலிக்குள்ளேயே 0-வும் 1-ம் கலந்து வந்தால் அந்த விடையை நம்ப முடியாது. எல்லாமே எல்லாவற்றோடும் பிணைந்த கணக்கு என்றால், 5,000 க்யூபிட்டுகளில் 200 மாறிகள்கூட அடங்குவதில்லை.

வில்லோ கேட் வகையைச் சேர்ந்தது. அங்கே க்யூபிட்டுகள் மீது ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்களை நடத்துகிறோம். தவறான விடைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சரியானது மேலெழும்படி வரிசையை அமைக்கிறோம். குறியீட்டை உடைக்கும் ஷோரின் வழிமுறையும் (1994), மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிடுவதும் இந்த வகையில்தான் சேரும். ஆனால் ஒவ்வொரு செயலிலும் பிழை சேர்கிறது. அதைத் திருத்தவே க்யூபிட்டுகள் கரைகின்றன: வில்லோ தன் க்யூபிட்டுகளில் பெரும்பாலானவற்றைச் செலவழித்துக் காட்டியது, பிழை திருத்திய ஒரே ஒரு க்யூபிட்டின் நினைவகம். இன்றைய வங்கிக் குறியீட்டை உடைக்க, 2025-ல் வந்த குறைந்த மதிப்பீட்டின்படியே, லட்சக்கணக்கான க்யூபிட்டுகள் வேண்டும்.

வண்டி வழி, வேலை அட்டவணை போன்ற கணக்கு உங்களிடம் இருந்தால் அனீலிங்கை யோசிக்கலாம். அதற்கு முன் அதே செலவுக் கணக்கைச் சாதாரணக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.