வெட்டி ஒட்டுவதா, வரைந்து தள்ளுவதா?
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., இயற்பியல்)

'கட்-அவுட்' என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது, திரையரங்கின் வாயிலில் வானளாவ நிற்கும் நடிகரின் உருவமே. நான் இங்கே சொல்ல வருவது அதையன்று. உள்ளங்கை அகலமே உள்ள அட்டை உருவத்தைக் கைவேறு கால்வேறாக வெட்டி, நூலால் இணைத்து, சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் அனிமேஷன் முறையைப் பற்றியது இக்கட்டுரை. இதற்கு மாற்றாக நிற்பது, ஒவ்வொரு அசைவையும் தனித்தனித் தாளில் வரைந்து எடுக்கும் முறை. முதன்முதலாகக் குறும்படம் எடுக்க விழைவோர் இவ்விரண்டில் எதைக் கைக்கொள்வது? அறுநூறு ரூபாயுடன் இக்கேள்வியின் முன் நின்றவன் என்ற முறையில், நான் கண்டதைக் கூறுகிறேன்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் ஆயாவின் முந்திரி மரங்கள் ஒன்றுவிடாமல் சாய்ந்தன. அதன் பிறகே அப்பா சிதம்பரத்துக்கு வந்து தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். அந்த இரவைத் தொண்ணூறு நொடிப் படமாக்கி ஆயாவுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டுக் கதையைப் பதிந்து வைக்கும் கடமையும் எனக்கே என்று எண்ணிக்கொண்டேன்.

இரு முறைகளுக்கும் சிறந்த முன்னோடிகள் உண்டு. செருமானியப் பெண்மணி லோட்டே ரெய்னிகர், கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசைமேல் நகர்த்தி, 1926இல் 'இளவரசர் ஆக்மதின் சாகசங்கள்' என்னும் முழுநீளப் படத்தை வெளியிட்டார். நம் தோற்பாவைக் கூத்துக்கு உறவு என்றே அதனைச் சொல்லலாம். நம் நாட்டின் கீதாஞ்சலி ராவோ, தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு மூதாட்டியின் கதையைப் பிரேம் பிரேமாகத் தம் கையாலேயே தீட்டினார். 'பிரிண்டட் ரெயின்போ' என்ற அப்படம் 2006இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. ஆகவே எது உயர்ந்தது என்பது கேள்வியன்று. எது நம் கதைக்கும் கைக்கும் பொருந்தும் என்பதே கேள்வி.

விடை காண இரு முறையிலும் ஒரே ஒரு நொடியை எடுத்துப் பார்த்தேன். ஆயா நடப்பதுதான் காட்சி. திரையில் நொடிக்கு 24 பிரேம்கள் ஓடினாலும், ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டினால் நொடிக்கு 12 படங்கள் போதும். தாள்களில் இரட்டைத் துளையிட்டு, பலகையில் அடித்த இரு ஆணிகளில் மாட்டி, 12 படங்கள் வரைந்தேன். படத்துக்குக் கால் மணியாக மூன்று மணி நேரம் ஆயிற்று. தொண்ணூறு நொடிக்கு 1,080 படங்கள். அதாவது 270 மணி நேரம். கடலூர்க் கல்லூரிக்குச் சிதம்பரத்திலிருந்து பேருந்தில் போய் வரும் எனக்கு நாளுக்கு இரண்டு மணி நேரமே மிஞ்சும். அப்படியானால் 135 நாட்கள்!

அது மட்டுமா? ஓட்டிப் பார்த்தபோது ஆயாவின் முகம் கொதிக்கும் உலைபோல் நடுங்கியது. ஒவ்வொரு தாளிலும் கோடு ஒரு நூலிழை விலகியதே காரணம். இதை முன்பே அறிய ஒரு வழி உண்டு. தாள்களை விரலால் புரட்டிப் பாருங்கள். அசையக் கூடாத பகுதி அசைந்தால் குற்றம் கையில்தான்.

அடுத்து அட்டை ஆயா. உருவத்தைச் செய்ய ஒரு மாலைப் பொழுது பிடித்தது. அப்பா தம் கத்தரியாலேயே வெட்டித் தந்தார். 12 நிலைகளைக் கைப்பேசியில் எடுக்கக் கால் மணி நேரமே ஆனது. முகம் சிறிதும் நடுங்கவில்லை. ஆனால் ஆயா நடக்கவில்லை, பாசியில் வழுக்கினாள்! உடலை நகர்த்தும்போது ஊன்றிய காலையும் சேர்த்து நகர்த்தியதுதான் பிழை. ஊன்றிய பாதத்தைச் சிறு மெழுகால் ஒட்டி வைத்து, இடுப்பை அதன்மேல் நகர்த்த வேண்டும். பாதத்தை வரப்புப் புல்லுக்குப் பின்னால் மறைத்துவிடுவது இன்னும் எளிது.

அட்டைக்கு இரு பெரிய குறைகள் உண்டு. முதலாவது, பக்கவாட்டில் வெட்டிய உருவம் நம்மை நோக்கித் திரும்பாது. இரண்டாவது குறை அதைவிடக் கொடியது. வரைபடத்தில் ஒரு தாள் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மீண்டும் வரையலாம். அட்டையிலோ நிலைகள் கலைந்துகொண்டே போகின்றன. பழைய நிலைக்கு மீள்வது அரிது. ஆறு நொடிக் காட்சியில் 70ஆம் படத்தில் என் முழங்கை பட்டு மேசை நகர்ந்தது. 72 படங்களையும் முதலிலிருந்து எடுத்தேன். அன்றிலிருந்து நான்கு நொடிக்கு மேற்பட்ட அட்டைக் காட்சியே வைப்பதில்லை.

இச்சோதனைகளின் பின் ஒரு விதி புலப்பட்டது. ஒவ்வொரு காட்சியையும் நோக்கி, 'இங்கே மாறுவது பொருளின் இடமா, வடிவமா?' என்று கேளுங்கள். ஆயா நடப்பது, கதவு திறப்பது, வேரோடு மரம் சாய்வது ஆகியவற்றில் வடிவம் அப்படியே இருக்கிறது. இடமும் கோணமும்தான் மாறுகின்றன. அவை அட்டைக்கு உரியவை. விளக்குச் சுடர், மழை, காற்றில் அலையும் இலைக்கொத்து, வளைந்து முறியும் கிளை ஆகியவற்றின் வடிவமே கணத்துக்குக் கணம் மாறுகிறது. அவற்றை வரைந்தே ஆக வேண்டும்.

வரைவதிலும் சிக்கனம் உண்டு. சுடருக்கு 3, மழைக்கு 6, இலைக்கு 8 படங்கள் போதும். அவற்றையே சுழற்றிச் சுழற்றிப் பயன்படுத்தலாம். மழையை ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் கண்ணாடித் தாளில் வெள்ளை மையால் வரைந்து, அட்டை உருவங்களின்மேல் மாற்றி மாற்றி வைத்தேன். கிளை முறியும் மூன்று நொடிக்கு மட்டும் 36 படங்களை முழுமையாக வரைந்தேன். ஆக மொத்தம் 53 படங்கள். பதின்மூன்று மணி நேர வேலை. ஆயா திரும்ப வேண்டிய இடத்தில் சுடரை ஒரு நொடி காட்டிவிட்டு, நேர்முகத் தலையை வைத்துக்கொண்டேன். அட்டை, தாள், நூல், மை எல்லாம் சேர்ந்து 420 ரூபாய் ஆயின. விரலுக்கேற்ற வீக்கம்!

பொங்கல் விடுமுறையில் ஆயாவுக்குப் படத்தைக் காட்டினேன். இருமுறை பார்த்தாள். பிறகு, "எல்லாம் சரி கண்ணு. ஆனா மரம் கெழக்கால இல்ல சாஞ்சுது? நீ மேக்கால சாச்சிருக்கியே" என்றாள். உண்மைதான். முதல் காட்சியில் சூரியன் இடப்பக்கம் எழுகிறது; மரமோ வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வரைந்த 36 படங்களையும் கைப்பேசியிலேயே இடவலம் திருப்பிவிட்டேன். மரத்தின் அட்டைத் துண்டுகள் இனிப்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் புரட்டி, பின்புறம் வண்ணம் தீட்டி, மறுநாள் மாலையே அக்காட்சியை மீண்டும் எடுத்தேன்.

இப்போது மரம் கிழக்கே சாய்கிறது. ஆயா மறுபேச்சுப் பேசவில்லை; இன்னொரு முறை போடச் சொன்னாள்.