உணவுக்குப் பதிலாக ஷேக்: கலோரியைப் பார்ப்பது எப்படி?

ஷேக், ஒரு வேளை உணவுக்குப் பதிலாக இருந்தால்தான் எடை குறைய உதவும். உணவோடு சேர்த்துக் குடித்தால் எடை கூடலாம்.

பொட்டலத்தில் ‘தெனாகா’ என்ற வரியைப் பாருங்கள். ஓர் எண் 100 கிராமுக்கு. மற்றொன்று ஒரு முறை கலக்கும் அளவுக்கு. கரண்டி கூடினால் கலோரியும் கூடும்.

எடுத்துக்காட்டாக, ஒரு முறைக்கு 200 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் கலந்தால் 200தான். ஒரு குவளை முழுக் கொழுப்புப் பாலில் கலந்தால் சுமார் 150 கூடி 350 ஆகும். காலையில் நீங்கள் உண்ணும் இரண்டு ரொட்டி சானாய், குழம்பு இல்லாமலே சுமார் 600. அதற்குப் பதில் பாலில் கலந்த ஷேக் என்றால் 250 குறையும். ரொட்டியையும் உண்டால் 350 கூடும்.

புரோட்டீன் பாரும் அப்படியே. 100 கிராமுக்கு 400 என்றால், 60 கிராம் பாரில் 240 இருக்கும். தேநீரோடு கொறித்தால் அது கூடுதல் உணவே.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்களுக்கு, உணவை மாற்றினால் சர்க்கரை அளவு திடீரெனக் குறையலாம். சிறுநீரக நோயாளிகளுக்குக் கூடுதல் புரதம் ஒத்துவராமல் போகலாம். இவர்களும், முயலாமலே எடை குறைந்து வருபவர்களும், முதலில் சுகாதாரக் கிளினிக்கில் பொட்டலத்தைக் காட்டிக் கேளுங்கள்.