பூனைக்கு ஒரு பிஸ்கட் டின் மருந்துப் பெட்டி

தோட்டத்து வீடுகளில் பூனை இல்லாத வீடு குறைவு. அரிசி மூட்டையை எலியிடமிருந்து காப்பது அதுதான். ஆனால் அதற்கு அடிபட்டாலோ விஷம் ஏறினாலோ நாம் செய்கிற வைத்தியம் பல சமயம் அடியைவிட மோசமாகப் போகிறது. மஞ்சள் அப்புகிறோம், டெட்டால் ஊற்றுகிறோம், தைலம் தடவுகிறோம், பெனடால் கரைத்துக் கொடுக்கிறோம். மனிதனுக்கு ஏற்றது பூனைக்கு ஏற்காது. மிருக டாக்டரிடம் போய்ச் சேரும் வரை வீட்டில் என்ன வைத்திருக்க வேண்டும், எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை இந்த முறை பார்ப்போம்.

முதலில் பெட்டி. பெருநாளைக்கு வாங்கிய காலி பிஸ்கட் டின் ஒன்று போதும். ஒரு சுருள் காஸ் துணி, ஒரு கிரேப் பேண்டேஜ், காகித பிளாஸ்டர், முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் இரண்டு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், கையுறை, சிறிய டார்ச் லைட். இவை எல்லாமே ஃபார்மசியில் கிடைக்கும். டின்னுக்கு வெளியே ஒரு கெட்டியான பழைய துவாலையும், மூடி போடக்கூடிய பிளாஸ்டிக் கூடையும் இருக்க வேண்டும். கூடை இல்லையென்றால் துணி போடும் கூடை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் போதும். துவாலையும் கூடையும் இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை. வலியில் இருக்கிற பூனை வளர்த்தவரையே கடிக்கும். கழுத்தைவிட்டு உடம்பு முழுக்கத் துவாலையில் சுற்றிவிட்டால் நகமும் பல்லும் உங்களிடம் வராது.

டின் மூடியின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். அதில் பக்கத்து டவுனில் உள்ள மிருக டாக்டர்களின் போன் நம்பரும் அவர்கள் திறக்கும் நேரமும், அரசாங்கக் கால்நடைச் சேவைத் துறையின் நம்பரும், இரவில் திறந்திருக்கும் கிளினிக் ஒன்றின் நம்பரும் இருக்கட்டும். அம்பாங்கானில் இருப்பவர்களுக்குச் சிரம்பான் பக்கம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பதற்கும், வீட்டிலிருந்தே போன் அடித்து எது திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு கிளம்புவதற்கும் வித்தியாசம் உண்டு. காகிதத்தின் அடியில் பூனையின் எடையையும் எழுதி வையுங்கள். நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் தெரிந்துவிடும்.

காயம் கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் நீங்களே தயாரிக்கலாம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தட்டையாக ஒரு தேக்கரண்டி தூள் உப்புப் போட்டு, நன்றாக ஆறவிட்டு, சிரிஞ்சில் இழுத்துக் காயத்தின்மேல் பீச்ச வேண்டும். அன்றன்றைக்குப் புதிதாகப் போட வேண்டும். டெட்டால் மாதிரி தண்ணீரில் வெள்ளையாகக் கலங்குகிற மருந்துகள் பூனைக்கு விஷம். காயத்தை அது நக்கும்போது மருந்தெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். தலைவலித் தைலமும் அப்படித்தான். ரத்தம் நிற்கவில்லையா? காஸ் துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து. நடுவில் நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி முதலிலிருந்து. துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இறுக்கிக் கயிறு கட்டவும் வேண்டாம்.

இனி விஷத்துக்கு வருவோம். தோட்டத்துப் பூனைக்கு இதுதான் பெரிய ஆபத்து. அதிலும் ஒரு கேஸை மட்டும் விவரமாகப் பார்த்தால் மற்றவை தானாக விளங்கும்.

செம்பனையில் எலிக்கு வைக்கும் மெழுகுக்கட்டி மருந்து பெரும்பாலும் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை. வார்ஃபரின் பழையது, புரோடிஃபாகும், புரோமாடியோலோன் போன்றவை பிறகு வந்த வலுவான சரக்கு. இது தின்றவுடனே கொல்வதில்லை. ரத்தம் உறைவதற்கு உடம்பு வைட்டமின் கே-யைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. அந்தச் சுழற்சியை மருந்து நிறுத்திவிடும். உடம்பில் ஏற்கெனவே இருக்கிற சரக்கு தீருவதற்குச் சில நாட்கள் ஆகும், அதுவரை எலி நடமாடும். ஆனால் சோர்ந்து மெதுவாக நடமாடும். மெதுவான எலி பூனைக்குச் சுலபமான இரை. இப்படித்தான் கட்டியைத் தொடாத பூனைக்கும் விஷம் போகிறது. தோட்டத்தில் எலி பிடிக்கக் கூண்டு வைத்து வளர்க்கும் ஆந்தைக்கும் இதே கதிதான்.

ஒரு திங்கட்கிழமை உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மரங்களின் அடியில் கட்டி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதன், வியாழனில் பூனை இரண்டு மூன்று எலி பிடிக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை அது பசியாற வரவில்லை, அலமாரிக்கு அடியில் படுத்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அம்மா காதைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு சுடுதுங்க, காய்ச்சல்தான்" என்கிறார். பிள்ளை தெர்மாமீட்டர் வைத்தால் 38.5 காட்டுகிறது. உடனே பெனடால் பாதி.

இங்கேதான் கவனம் வேண்டும். 38.5 டிகிரி நமக்குக் காய்ச்சல், பூனைக்கு அது சாதாரணச் சூடு. அதன் இயல்பே 38-க்கும் 39.2-க்கும் நடுவில். பெனடாலில் உள்ள பாராசிட்டமாலைப் பூனையின் ஈரலால் பிரித்து வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தைக் கெடுத்துப் பிராணவாயுவைச் சுமக்க விடாமல் செய்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரமாக ஆகப் பலன் குறையும்.

மாத்திரைக்குப் பதில் இரண்டு காரியம் பாருங்கள். உதட்டைத் தூக்கி, டார்ச் லைட் அடித்து ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறது. சில பூனைக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அதற்குக் கீழ் இமையைத் தாழ்த்தி உட்பக்கம் பாருங்கள். அடுத்து, படுத்திருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 15-லிருந்து 30 வரை சரி. 40-க்கு மேல் போனால், அல்லது நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், நெஞ்சுக்குள் ரத்தம் தேங்கியிருக்கலாம். இந்த எலி மருந்தில் அப்படி நடப்பதுண்டு. அதனால்தான் வெளியே ரத்தம் தெரியாமலே பூனை சாகிறது.

இப்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பால், தேங்காயெண்ணெய், புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டும் என்று நம் ஆட்கள் நினைப்பார்கள். விஷம் உள்ளே போய் நாலு நாள் ஆன பிறகு வாந்தியில் வருவதற்கு ஒன்றுமில்லை. ஊற்றியது நுரையீரலுக்குள் இறங்கினால் அது வேறு நோய். உப்புத்தண்ணீர் தானே தனியாகக் கொல்லும். கட்டியைத் தின்றதைக் கண்ணால் பார்த்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆகிறது என்றாலும் வீட்டில் முயற்சி வேண்டாம், ஓடிப்போய் டாக்டரிடம் விடுங்கள். வாந்திக்கு ஊசி அவரிடம் இருக்கிறது.

பூனையைத் துவாலையோடு மெதுவாகக் கூடையில் வையுங்கள். வயிற்றையோ நெஞ்சையோ அமுக்காதீர்கள், இந்த நிலையில் சின்ன அடிகூட உள்ளே ரத்தக்கட்டாகும். கூடைமேல் துணி போட்டு இருட்டாக்கினால் பயம் குறையும். மோட்டாரில்தான் போக வேண்டுமென்றால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து கூடையை மடியில் பிடிக்கட்டும். கிளம்பும் முன் மண்டோரிடமோ மருந்து வைத்தவரிடமோ கட்டியின் பாக்கெட்டைக் கேளுங்கள். காலிப் பாக்கெட் போதும், அதுவும் இல்லையென்றால் எழுத்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. வார்ஃபரினா, புரோடிஃபாகுமா என்பதைப் பொறுத்து டாக்டர் கொடுக்கும் மருந்தின் நாட்கணக்கே மாறும். எலி மருந்து எல்லாம் இந்த வகையும் அல்ல. நரம்பைத் தாக்குவதும் வயிற்றில் விஷவாயு கிளப்புவதும் உண்டு, அவற்றுக்கு வைத்தியம் வேறு. எனவே இது தொழிலாளி கேட்டு வாங்க வேண்டிய தகவல், வெட்கப்படத் தேவையில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் இதைத் தெரிந்து வைத்திருக்கத்தான் வேண்டும்.

டாக்டர் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பார். வைட்டமின் கே-1 கொடுப்பார். ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தால் இன்னொரு பூனையின் ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். செலவு ஆகும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். கடையில் விற்கிற சத்து மாத்திரையோ கீரைச்சாறோ இதற்கு ஈடாகாது. இரண்டு மூன்று நாளில் பூனை எழுந்து நடக்கும், சாப்பிடும். பெரும்பாலோர் அத்துடன் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். புரோடிஃபாகும் போன்ற மருந்து ஈரலில் வாரக்கணக்கில் தங்குகிறது. மாத்திரையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் பூனை மறுபடி சாய்ந்துவிடும். டாக்டர் சொன்ன முழு நாளும், அது மூன்று நாலு வாரமாக இருந்தாலும், கொடுத்துத் தீர்க்க வேண்டும். முடித்த இரண்டு மூன்று நாளில் ரத்தத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்வார், அதற்கும் போக வேண்டும்.

களைக்கொல்லி மேலே பட்ட பூனைக்கு வழி வேறு. விஷம் தோலிலும் ரோமத்திலும் இருக்கிறது, அது நக்குவதற்கு முன் கழுவிவிட வேண்டும். கையுறை போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு பலமுறை அலசி, துவாலையில் சுற்றி, நக்கவிடாமல் கொண்டு போங்கள். பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. பழைய போத்தல் எங்காவது கொட்டகையில் கிடந்தால் அதைத் தொடாமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். நாய்க்கு உண்ணி மருந்தென்று கழுத்தில் விடுகிற சொட்டைப் பூனைக்கு விட்டு, அது வெட்டி வெட்டி இழுத்தாலும் இதே கழுவல், இதே அவசரம்.

இத்தனையிலும் பூனை உங்களைக் கடித்துவிட்டால் சும்மா விடாதீர்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாகப் போகும், ஓட்டை சின்னதாக இருப்பதால் அலட்சியம் வரும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். பூனை இப்படி உடம்பு முடியாமல் இருந்தது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.