வெட்டும்போது 26, கொடுக்கும்போது 31

சீத்தா கேம்ப்பில் மாதம் பத்தாம் தேதி வாக்கில் யாராவது ஒரு பையன் சம்பளச் சீட்டோடு என் வீட்டுக்கு வருவான். நான் பல வருடம் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் வேலை பார்த்தவன். மஸ்டரைப் பார்த்தால் கை தானாகக் கூட்ட ஆரம்பித்துவிடும்.

2024 ஜூலை மாதச் சீட்டு ஒன்றைச் சொல்கிறேன். வந்தவன் ஒரு பேக்கிங் தொழிற்சாலையில் காண்டிராக்டர் மூலம் வேலை செய்பவன். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டுப்படி எல்லாம் சேர்த்து மாதம் 15,600 ரூபாய். வேலைக் கடிதத்தில் காலை 8 முதல் மாலை 4.30 வரை, அதில் அரை மணி சாப்பாட்டு நேரம், ஞாயிறு விடுமுறை, ஓ.டி. சட்டப்படி என்று இருந்தது. அந்தச் 'சட்டப்படி' அப்போது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு. ஒரு நாளில் 9 மணி நேரத்தைத் தாண்டினாலும், ஒரு வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டினாலும், தாண்டிய நேரத்துக்கு இருமடங்கு கூலி.

முதலில் ஒரு மணி நேரக் கூலி. 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 600, எட்டால் வகுத்தால் மணிக்கு 75, டபுள் 150. ஓ.டி. கணக்கில் படிகளும் சேரும், போனஸ் சேராது. அடிப்படையை மட்டும் எடுத்து வகுத்திருந்தால் அங்கேயே பாதிப் பணம் போய்விடும்.

அடுத்து மஸ்டரை வாரமாக வெட்ட வேண்டும். அந்தச் சட்டத்தில் வாரம் சனி நள்ளிரவில் தொடங்கும், அதாவது ஞாயிறு முதல் சனி வரை. திங்களில் ஆரம்பித்தால் ஞாயிறு செய்த வேலை தவறான வாரத்தில் போய் விழும்.

ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு கணக்கு போடுவேன். 7 முதல் 13 வரையிலான வாரத்தில் அவன் 8, 11, 8, 11, 8, 10 என்று ஆறு நாளில் 56 மணி நேரம் வேலை செய்திருந்தான். நாள் கணக்கில் ஒன்பதைத் தாண்டியது 2, 2, 1, ஆக 5. வாரக் கணக்கில் 48-ஐத் தாண்டியது 8. இரண்டையும் கூட்டக் கூடாது, பெரியதை எடுக்க வேண்டும்: 8. காண்டிராக்டர் 5 மட்டும் போட்டிருந்தார்.

14-ஆம் தேதி ஞாயிறும் வேலைக்குப் போயிருக்கிறான். அந்த வாரம் ஏழு நாளும் எட்டெட்டு மணி, மொத்தம் 56. மறுபடி 8. சீட்டிலோ 'ஒரு ஹாஜிரி' என்று சிங்கிள் கூலி. இழந்த வார விடுமுறைக்கு மாற்று விடுமுறையும் உண்டு என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த வாரம்தான் வம்பு.

"அண்ணே, ரெண்டு நாள் லீவு போட்டேன்ல, அந்த வாரத்துக்கு ஓ.டி. கிடையாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

வந்த நான்கு நாள் 8, 11, 11, 10. மொத்தம் 40, ஆகவே வாரக் கணக்கில் ஒன்றுமில்லை. ஆனால் நாள் கணக்கில் 2, 2, 1 நிற்கிறதே! லீவு போட்டதால் அந்த 5 மணி நேரம் அழியாது.

மாதக் கடைசி வாரம் ஆகஸ்ட் 3 வரை போகிறது. 30-ஆம் தேதி 10 மணி நேரம் வேலை, ஆகவே 1 மணி ஜூலையில் வரும். ஆகஸ்ட் 3-இல் வாரம் முடிந்து மொத்தம் 50 வந்தால் ஓ.டி. 2, கொடுத்த ஒன்றைக் கழித்து மீதியை ஆகஸ்டில் கேட்க வேண்டும். மாதம் மாறும்போது இந்த மீதியை யாரும் தேடுவதில்லை.

ஆக 8, 8, 5, 1. மொத்தம் 22 மணி நேரம், 150 வீதம் 3,300 ரூபாய். சீட்டில் இருந்தது 6 மணி நேரத்துக்கு 63 வீதம் 378, ஞாயிறு ஹாஜிரி 503, மொத்தம் 881. பாக்கி 2,419.

அந்த 503 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 15,600-ஐ 31-ஆல் வகுத்திருக்கிறார்கள். 63-உம் அதே 31-இல் வந்ததுதான். ஆனால் லீவு போட்ட இரண்டு நாளுக்குப் பிடித்தது 1,200, அதாவது 26-ஆல் வகுத்து. ஒரே சீட்டில் வெட்டும்போது 26, கொடுக்கும்போது 31. பேச்சுவார்த்தையில் நான் முதலில் இதைத்தான் எடுத்து வைக்கச் சொல்வேன். சட்டப் பிரிவைக் காட்டினால் ஆபீசில் வக்கீலைக் கேட்கிறோம் என்பார்கள். அவர்களுடைய வகுத்தலையே காட்டினால் சொல்ல ஒன்றுமிருக்காது.

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. டபுள் அதிலும் உண்டு. மணி நேர வரம்பை மட்டும் உங்கள் மாதத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதும்போது தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், நிகர மணி என்று நான்கு பத்தி போதும். மஸ்டரை மாத முடிவில் திருத்திவிடுவார்கள், ஆகவே சனிக்கிழமைதோறும் உங்கள் வரியைப் போட்டோ எடுத்து வையுங்கள். காண்டிராக்டர் கைவிரித்தால், 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அந்த ஜூலைக் கூலிக்குத் தொழிற்சாலை முதலாளியையே பொறுப்பாக்கியிருந்தது. மனுவை இருவர் பெயரிலும் எழுதுங்கள்.