சிவகாமிக்கு ஓர் அட்டை: நூறு பிக்ஸலில் ஒரு நாவல்

புத்தகக் கடையில் அட்டையை ஒரு அடி தூரத்தில் பார்க்கிறோம். ஆன்லைனில் அதே அட்டை கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அமேசான் கிண்டிலில் ஏற்ற அவங்க பரிந்துரைக்கும் அளவு 1600 பிக்ஸல் அகலம், 2560 பிக்ஸல் உயரம். தேடல் பட்டியலில் அது சுமார் 100 பிக்ஸல் அகலத்துக்குச் சுருங்கிடும். அதாவது பதினாறில் ஒரு பங்கு. நாம வரைஞ்சதுல எது அந்தச் சுருக்கத்தைத் தாண்டி உயிரோட நிற்குது என்பதுதான் கேள்வி.

எடுத்துக்காட்டுக்கு நம்ம காஞ்சிபுரத்திலேயே நடக்கும் ஒரு கதையை எடுத்துக்குவோம்: கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். அதனால ஒரே நாவலுக்குப் பல அட்டைகள் வந்திருக்கு, இன்னும் வரும். நம்ம கல்லூரியில யாராவது மின்னூல் போட்டாலும் முதல் வேலை அட்டைதான்.

சரி, ஒரு மாதிரி அட்டையைக் கற்பனை பண்ணுங்க. பின்னணி முழுக்க கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சுவர், நல்ல வெயிலில் எடுத்த போட்டோ. முன்னாடி பரதநாட்டிய உடையில் ஒரு பெண். மேலே ஒரே வரியில், மெல்லிய எழுத்துருவில், ஜரிகைத் தங்க நிறத்தில் தலைப்பு. கீழே மூலையில் சின்னதாக ‘கல்கி’. பெரிய திரையில் பார்த்தால் அழகாத்தான் இருக்கும். இதை மூன்று படியாகச் சோதிப்போம்.

படி 1: இது என்ன வகைப் புத்தகம்?

தலைப்பை ஒரு கட்டம் போட்டு மறைச்சுட்டு, கதை தெரியாத ஒருத்தர்கிட்ட மூன்று விநாடி காட்டுங்க. “இது என்ன புத்தகம்?” என்று மட்டும் கேளுங்க. “நல்லா இருக்கா?” என்று கேட்கக் கூடாது. அதுக்கு எல்லாரும் “நல்லா இருக்கு”ன்னுதான் சொல்வாங்க.

தமிழ் வாசகர் கண்ணுக்கு ஒவ்வொரு வகைக்கும் ஒரு பழக்கம் இருக்கு. சரித்திர நாவல் என்றால் கையால் வரைந்த மனித உருவம். ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்கு மணியம் வரைந்த காலத்திலிருந்து வேரூன்றிய வழக்கம் இது. மாத நாவல் என்றால் ஒரு பெண் முகத்தின் போட்டோ, சாய்வாகப் பாயும் பெரிய கலர் எழுத்து. நவீன இலக்கியம் என்றால் நிறைய வெற்றிடம், ஓர் ஓவியம் அல்லது கோட்டுச் சித்திரம், ஆதிமூலம் எழுதியது போன்ற கையெழுத்துத் தலைப்பு. கோயில் போட்டோ என்றால் ஸ்தல வரலாறு. நம்ம ஊர்ல சன்னதித் தெருக் கடைகளில் தொங்கும் சிறு நூல்களைப் பார்த்தவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

நம்ம மாதிரி அட்டை இந்தச் சோதனையில் தடுமாறும். கோயில் சுவர் ‘ஸ்தல வரலாறு’ என்கிறது, நடன உடை ‘பரதநாட்டியப் பாடநூல்’ என்கிறது. ‘நாவல்’ என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. அதை வாங்க வேண்டியவர் விரலைத் தள்ளிட்டுப் போயிடுவார். தவறான வகைக் குறிப்பால வரும் நஷ்டம் அதுதான்.

படி 2: தலைப்பு படிக்க முடிகிறதா?

முதல்ல சுருக்கிப் பார்க்கணும். இமேஜ்மேஜிக் இருந்தால் இரண்டு வரி போதும்:

```
magick cover.jpg -resize 100x thumb.png
magick thumb.png -colorspace Gray gray.png
```

thumb.png-ஐ ஜூம் பண்ணாம, அதன் அளவிலேயே, கையை நீட்டி வைத்துப் பாருங்க. gray.png எதுக்கு என்று பிறகு சொல்றேன்.

தமிழ்த் தலைப்புக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘சிவகாமியின் சபதம்’ என்பதை ஒரே வரியில் வைத்தால், ‘கா’வை இரண்டு இடமாக எண்ணி, இடைவெளியையும் சேர்த்து சுமார் 12 எழுத்து அகலம் வரும். ஓரங்கள் போக 1400 பிக்ஸல் கிடைக்குது. ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 117. பதினாறால் வகுத்தால் 7 பிக்ஸல். ஏழு பிக்ஸலுக்குள் ‘மி’யின் மேல்விலங்கு, ‘ன்’னின் சுழி, மேலே புள்ளி எல்லாம் அடங்கணும். அடங்காது.

முதல்ல சாகிறது புள்ளி. அது போனால் ‘சபதம்’ ‘சபதம’ ஆகிடும். அடுத்தது மேல்விலங்கின் முனை. ‘சி’யா ‘சீ’யா என்று தெரியாது. மூலத்தில் கோட்டின் தடிமன் 8 பிக்ஸல் என்றால் தம்ப்நெயிலில் அரை பிக்ஸல். அரை பிக்ஸலைக் காட்ட முடியாததால் திரை அதைப் பின்னணியோடு கலந்து சாம்பலாக்கிடும். அதனால நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: மிக மெல்லிய கோடும் புள்ளியும் தம்ப்நெயிலில் 2 பிக்ஸலாவது இருக்கணும், அதாவது மூலத்தில் 32. இன்றைய போன்களில் பிக்ஸல் அடர்த்தி அதிகம்தான், இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆனா நம்ம கண் அதே கண்தான், படத்தின் அளவும் அதே நகம் அளவுதான். கணக்கைத் தளர்த்த வேண்டாம்.

தீர்வு எளிது. தலைப்பை இரண்டு வரியாக உடைச்சா ‘சிவகாமியின்’ 7 எழுத்து அகலம். ஓர் எழுத்துக்கு 200 பிக்ஸல், தம்ப்நெயிலில் 12-க்கு மேல். ‘சபதம்’ நாலே எழுத்து. அதே அகலத்துக்கு விரித்தால் எழுத்துக்கு 22 பிக்ஸல்கூடக் கிடைக்கும். கதையின் கனமான சொல்லும் அதுதானே! ‘கல்கி’ மூன்றே எழுத்து. அந்தப் பெயரே சரித்திர நாவல் என்பதற்கு வலுவான அடையாளம். அதை மூலையில் ஒளிச்சு வைக்காம மேலே தடிமனாக வைக்கலாம்.

இப்போ நிறம். மணற்கல் மேல் தங்கம். இரண்டும் வேற வேற நிறம்போலத் தோன்றும், ஆனால் எழுத்தைப் படிக்க உதவுவது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாடு. வலைத்தளங்களுக்கான அணுகல் வழிகாட்டி இதை அளக்க ஒரு சூத்திரம் தருது:

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

L1 வெளிச்சமான நிறத்தின் ஒளிர்வு, L2 இருண்டதன் ஒளிர்வு. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 வேணும். தங்கம் #D4AF37 என்று வைத்தால் ஒளிர்வு 0.45. மணற்கல் #C2A878 என்றால் 0.41. விகிதம் 0.50 / 0.46, அதாவது 1.09. கிட்டத்தட்ட பூஜ்ஜிய வேறுபாடு! gray.png-ல தலைப்பு காணாமப் போயிருக்கும். அதைப் பிடிக்கத்தான் அந்த இரண்டாவது வரி.

அதே தங்கத்தை அரக்கு நிறத்தில், #800000 மேல் வைங்க. அரக்கின் ஒளிர்வு 0.046. விகிதம் 5.2. தேறியது. அரக்கு உடலில் ஜரிகைக் கரை தூரத்திலிருந்தே தெரிவதற்கும் இதே காரணம்தான். ஆனா ஒரு எச்சரிக்கை: இந்த விகிதம் கோட்டின் தடிமனைக் கணக்கில் எடுக்காது. 5.2 இருந்தாலும் அரை பிக்ஸல் கோடு மங்கத்தான் செய்யும். இரண்டு சோதனையும் சேர்ந்தே வேணும்.

படி 3: படம் சரியா?

கதை நடப்பது 7-ஆம் நூற்றாண்டு. மகேந்திரவர்மன், அவர் மகன் மாமல்லன் நரசிம்மவர்மன் காலம். கைலாசநாதர் கோயிலைக் கட்டியது ராஜசிம்மன், மாமல்லனின் கொள்ளுப்பேரன், சுமார் கி.பி. 700-இல். கதை நடக்கும்போது அந்தக் கோயிலே இல்லை. ‘அப்போ ஏகாம்பரநாதர் ராஜகோபுரம்?’ என்றால், அது 1509-இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, எண்ணூறு வருஷத்துக்கும் மேல் தள்ளி. மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலும் ராஜசிம்மன் காலத்தது. பரதநாட்டிய மேடை உடை இன்றைய வடிவத்துக்கு வந்ததோ 20-ஆம் நூற்றாண்டில். ஊர்ப் பெயர் பொருந்துது என்பதற்காகப் படம் பொருந்தாது.

‘கோயில் வேண்டாம், கதையின் சாரத்தை வைப்போம்’ என்று யோசிச்சா இன்னொரு பள்ளம். வாதாபி எரியாமல் இங்கிருந்து வரமாட்டேன் என்பதே சபதம். உடனே ஒரு காற்சிலம்பு, பின்னால் எரியும் நகரம் என்று தோணும். தம்ப்நெயிலில் அற்புதமாகத் தெரியும். ஆனா தமிழ் வாசகருக்கு அது கண்ணகி, எரிவது மதுரை! ‘சிலப்பதிகாரம்’ என்று நினைச்சுத்தான் தொடுவார்.

அப்போ எது? சிவகாமி ஆடுவாள், அப்பா ஆயனர் அந்த அபிநயங்களைக் கல்லில் வடிப்பார். இந்த உறவு வேற எந்தக் கதைக்கும் போகாது. ஒரு பாறை, அதிலிருந்து பாதி வெளிவந்த நடன உருவம், கையால் வரைந்தது. உருவம் வெறும் நிழல்வடிவமாக இருந்தால் உடைச் சிக்கலும் தீர்ந்தது. மாமல்லபுரத்தின் பெரிய சிற்பப் பாறையை அப்படியே வைக்கலாமா என்றால், நூறு பிக்ஸலில் அத்தனை உருவமும் கலந்து மணல்போல் ஆகிடும். ஒரே உருவம், தெளிவான வெளிக்கோடு போதும்.

திருத்திய அட்டை இப்படி: அரக்குப் பின்னணி, மேலே ‘கல்கி’, நடுவில் பாறையும் பாதிச் சிலையும், கீழே இரண்டு வரியில் தங்கத் தலைப்பு. நாவல் நான்கு பாகம், ‘பரஞ்சோதி யாத்திரை’ முதல் ‘சிதைந்த கனவு’ வரை. பாகப் பெயர் தம்ப்நெயிலில் தெரியவே தெரியாது. அதனால பாக எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு, பாகத்துக்குப் பாகம் சிலை கல்லிலிருந்து இன்னும் கொஞ்சம் வெளிவருவதாக வரையலாம். நான்கும் பட்டியலில் அடுத்தடுத்து வரும்போது எது முதல், எது கடைசி என்று படிக்காமலே தெரியும்.

கடைசியா, திருத்திய பிறகு படி 1-ஐ மறுபடி, வேற ஆளிடம் நடத்துங்க. பழைய ஆளுக்கு இப்போ கதை தெரிஞ்சிருக்கும். “ஏதோ பழைய ராஜா காலத்துக் கதை, ஒரு ஆடுற பொண்ணு” என்று பதில் வந்தா அட்டையை ஏற்றிடலாம். “கோயிலா?” என்று கேட்டால் பாறைக்குத் தூண் மாதிரி விளிம்பு வந்திருக்கான்னு பாருங்க.